ஒரு சிலம்பக்காரரை அசைப்பது: எலும்பும் மெஷும் எங்கே, பிரேம் எங்கே

கணினி விளையாட்டுக்காக ஒரு சிலம்பக்காரரைப் பக்கவாட்டுத் தோற்றத்தில் வரைந்து வைத்திருக்கிறோம். திரையில் அவர் உயரம் 400 பிக்சல். கையில் 380 பிக்சல் நீளக் கம்பு. அவர் ஐந்து காரியங்கள் செய்ய வேண்டும்: நிற்க வேண்டும், நடக்க வேண்டும், கம்பை வீச வேண்டும், மார்புக்கு முன்னால் கம்பைச் சுழற்ற வேண்டும், மறுபக்கம் திரும்ப வேண்டும். இந்த ஐந்தையும் எப்படிச் செய்வது என்பதுதான் இந்த வழிகாட்டி.

வழிகள் இரண்டு. ஒன்று, ஒவ்வொரு நிலையையும் தனித்தனிப் படமாக வரைந்து, அவற்றை ஒரே தாளில் கட்டம் கட்டமாக அடுக்கி, வேகமாக மாற்றிக் காட்டுவது. அந்தப் படம் ஒவ்வொன்றும் ஒரு பிரேம். அந்தத் தாளைத்தான் ஸ்பிரைட் ஷீட் என்கிறோம். மற்றொன்று, உருவத்தை ஒருமுறை மட்டும் உறுப்பு உறுப்பாக வரைந்து, உள்ளே எலும்புகளை வைத்து, எலும்பைத் திருப்பினால் படம் திரும்பும்படி செய்வது. படத்தின் மேல் முக்கோண வலை ஒன்றை விரித்து, அதன் புள்ளிகளை எலும்புகளோடு கட்டினால் படம் திரும்புவதோடு வளையவும் செய்யும். அந்த வலைதான் மெஷ்.

இரண்டாவது வழியின் வேர் நமக்குப் பழக்கமானதுதான். தோல்பாவைக்கூத்தில் பாவையின் தோளும் முழங்கையும் தனித்தனித் தோல் துண்டுகளாக வெட்டப்பட்டுக் கயிற்றால் கோக்கப்பட்டிருக்கும். கை ஆடும், இடுப்பு ஆடும். ஆனால் பாவை மறுபக்கம் பார்க்க வேண்டுமென்றால் தோலையே புரட்ட வேண்டும். அது நம் கண்முன்னே மெல்லத் திரும்ப முடியாது. எலும்பு அனிமேஷனின் பலமும் எல்லையும் இந்த ஒரு காட்சியில் இருக்கின்றன.

அசைவு அசைவாகத் தீர்மானிக்க வேண்டும்

பெரும்பாலானவர்கள் "இந்த விளையாட்டுக்கு எலும்பா, பிரேமா" என்று கேட்கிறார்கள். கேள்வியே பிழை என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வோர் அசைவிடமும் தனியாகக் கேட்க வேண்டும்: இந்த அசைவின்போது உருவத்தின் வெளிக்கோடு வெறுமனே வளைகிறதா, அல்லது முன்பு தெரியாத ஒரு பக்கம் புதிதாகத் தெரிகிறதா? வளைந்தால் எலும்பு போதும். புதிய பக்கம் தெரிந்தால் வரைந்துதான் ஆக வேண்டும்.

சிலம்பக்காரர் நிற்கும்போது மூச்சில் மார்பு ஏறி இறங்குகிறது, துண்டின் முனை அசைகிறது. எல்லாம் வளைவு, எலும்பு. நடையிலும் வீச்சிலும் அதே நிலைதான். திரும்பும்போதோ மார்பும் முகமும் நேராக நம்மைப் பார்த்துவிட்டு மறுபக்கம் போகின்றன. அந்த நேர்முகத் தோற்றம் பக்கவாட்டுப் படத்தில் எங்குமே இல்லை. எனவே அது பிரேம். கம்புச் சுழற்சிக்கும் பிரேம்தான் என்று நான் முடிவுசெய்தேன். அதற்குக் காரணம் வேறு, பின்னால் சொல்கிறேன்.

நினைவகக் கணக்கு இந்த முடிவை இன்னும் தெளிவாக்கும். ஐந்து அசைவுகளையும் பிரேமாக வரைந்தால் நிற்பதற்கு 8, நடைக்கு 12, வீச்சுக்கு 10, சுழற்சிக்கு 6, திரும்புவதற்கு 4 என 40 படங்கள். கம்பு முன்னால் நீள்வதால் ஒவ்வொரு கட்டமும் 768 × 512 பிக்சல் வேண்டும். ஒரு பிக்சலுக்கு 4 பைட் என்றால் ஒரு கட்டம் 1.5 எம்.பி., நாற்பதும் சேர்ந்து 60 எம்.பி. வட்டில் இருக்கும் பி.என்.ஜி. கோப்பு சிறிதாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. விளையாட்டு ஓடும்போது படம் நினைவகத்தில் முழுதாக விரிகிறது. கட்டங்களின் வெற்று ஓரங்களை வெட்டி நெருக்கி அடுக்கலாம், வரைகலைச் சில்லுக்குரிய சுருக்க முறைகளைப் பயன்படுத்தி நாலில் ஒரு பங்காக்கலாம். ஆனால் அடுத்த எதிரிக்கு வேறு நிற வேட்டி, வேறு தலைப்பாகை என்று வந்தவுடன் அத்தனையும் மறுபடி வரைய வேண்டும். எலும்பு முறையில் உறுப்புகள் அனைத்தும் 1024 × 1024 தாள் ஒன்றில் அடங்கும். அது 4 எம்.பி. புதிய வேட்டிக்குப் புதிய தாள் ஒன்று போதும், அசைவுகள் அப்படியே இருக்கும்.

நம் வழியில் மூன்று அசைவுகள் எலும்பில், இரண்டு அசைவுகள் பத்துப் பிரேம்களில். மொத்தம் 4 எம்.பி.யும் 15 எம்.பி.யும்.

விளையாட்டுகளை உருவாக்க இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளான கோடோட் 4-ஐ வைத்து விளக்குகிறேன். ஸ்பைன் போன்ற தனி மென்பொருளில் வேலை செய்பவர்களுக்கும் படிகள் இவைதான். பொத்தான்களின் பெயர் மாறும்.

முதல் படி: உறுப்புகளை வரைவது

உருவத்தை முழுதாக வரைந்துவிட்டுக் கத்தரிக்கோலால் வெட்டுவதுபோல் பிரித்தால் முதல் அசைவிலேயே தோளில் ஓட்டை தெரியும். ஒவ்வொரு உறுப்பும் அடுத்த உறுப்புக்கு அடியில் மறைந்து தொடர வேண்டும். மேல்காலின் முனை, முட்டியின் மையத்தைத் தாண்டி அரைவட்டமாக முடிய வேண்டும். கீழ்க்காலின் தொடக்கமும் அதே மையத்தைச் சுற்றி அரைவட்டம். இரண்டு வட்டங்களின் ஆரமும் காலின் அகலத்தில் பாதி. இப்படி இருந்தால் எந்தக் கோணத்தில் மடக்கினாலும் இடைவெளி விழாது.

கறுப்பு வெளிக்கோடு போட்டு வரைபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலே இருக்கும் துண்டின் அரைவட்ட முனையிலும் கோடு இருந்தால், முட்டியின் குறுக்கே ஒரு வளைகோடு தெரிந்து, பொம்மை மூட்டுபோல் ஆகிவிடும். அந்த முனையில் மட்டும் கோட்டை அழித்துவிட்டு நிறத்தை மட்டும் விட வேண்டும்.

முழங்கையையும் முட்டியையும் நேராக வரையாதீர்கள். 20 டிகிரி அளவுக்கு லேசாக மடங்கிய நிலையில் வரையுங்கள். நேராக வரைந்த கையை 120 டிகிரி மடக்கும்போது படம் 120 டிகிரி சிதைகிறது. 20 டிகிரி மடக்கி வரைந்த கை 100 டிகிரிதான் சிதைகிறது.

எவை மெஷ், எவை வெறும் துண்டு என்பதையும் இப்போதே முடிவுசெய்ய வேண்டும். எலும்பும் மெஷும் சேர்ந்த என் முதல் அமைப்பில் கண்ணிமை வரைக்கும் எல்லாவற்றையும் மெஷ் ஆக்கினேன். எந்தப் புள்ளி எந்த எலும்போடு போக வேண்டும் என்று குறிப்பதிலேயே இரண்டு வாரம் போனது, பலன் பாதிதான் கிடைத்தது. இப்போது மார்பு, வேட்டி, துண்டு, முன்னால் தெரியும் கை ஆகிய நான்குக்கு மட்டும் மெஷ் போடுகிறேன். தலை, பாதம், கால்கள், பின்னால் மறையும் கை எல்லாம் வெறும் துண்டுகள். துணிக்கும் வயிற்றுக்கும் மெஷ் இல்லாமல் முடியாது. தெளிவான கோடுள்ள கால்களுக்கு அரைவட்ட மூட்டே மெஷ்ஷைவிட நன்றாக இருக்கிறது.

இரண்டாம் படி: எலும்புக்கூடு

கோடோட்டில் `Skeleton2D` ஒன்றைச் சேர்த்து, அதற்குள் `Bone2D` எலும்புகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைக்கிறோம். முதல் எலும்பு இடுப்பு. இடுப்புக்குள் முதுகு, முதுகுக்குள் கழுத்தும் இரண்டு மேல்கைகளும், மேல்கைக்குள் கீழ்க்கை, அதற்குள் கை. கால்கள் இரண்டும் நேராக இடுப்புக்குள். இடுப்பு இறங்கினால் உடல் முழுவதும் இறங்க வேண்டும் என்பதால்தான் இந்த ஏற்பாடு.

எலும்பின் தொடக்கம் மூட்டின் மையத்தில் சரியாக விழ வேண்டும். இரண்டு பிக்சல் தவறினாலும் மடக்கும்போது அரைவட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாமல் முட்டியில் ஒரு புடைப்பு தெரியும். ஒவ்வோர் எலும்பையும் 90 டிகிரி திருப்பிப் பார்த்து, புடைப்பு மறையும்வரை நகர்த்திச் சரிசெய்யுங்கள். எல்லாம் சரியான பிறகு, எலும்புகளை வரைந்த நிலைக்கே கொண்டுவந்து, `Skeleton2D` பட்டியலில் `Overwrite Rest Pose` கொடுங்கள். இதுதான் ஓய்வு நிலை. மெஷ் எவ்வளவு சிதைய வேண்டும் என்பது இந்த நிலையிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது. இதை மறந்துவிட்டு மெஷ்ஷை இணைத்தால், எதையும் தொடாமலே கை வேறெங்கோ பறந்து நிற்கும்.

மூன்றாம் படி: முழங்கை

இந்த வேலையின் தரம் முழங்கையில் தெரியும். எனவே இங்கே நிதானமாகப் போவோம்.

முன்னால் தெரியும் கையின் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் ஒரே படம். அகலம் 40 பிக்சல். அதை ஒரு `Polygon2D`-யில் வைத்து, `UV` திரையின் `Points` பக்கத்தில் சுற்றிலும் புள்ளிகள் இடுகிறோம். உள்ளே புள்ளிகள் வைத்தால் `Polygons` பக்கத்தில் முக்கோணங்களை நாமே இணைத்துக் காட்ட வேண்டும். இல்லையென்றால் உள்புள்ளிகள் இருந்தும் பயனில்லை. பிறகு `Skeleton` என்ற இடத்தில் எலும்புக்கூட்டைக் காட்டி, `Bones` பக்கத்தில் `Sync Bones to Polygon` அழுத்தினால் எலும்புகளின் பட்டியல் வரும். ஒவ்வோர் எலும்பையும் தேர்ந்து, அது எந்தப் புள்ளியை எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதைத் தூரிகையால் பூச வேண்டும். இந்த அளவுதான் எடை.

எல்லோரும் முதலில் செய்வது இது: மூட்டுக்கு மேலே உள்ள புள்ளிகள் முழுதும் மேல்கைக்கு, கீழே உள்ளவை முழுதும் கீழ்க்கைக்கு, மூட்டின் மேலேயே இருக்கும் இரண்டு புள்ளிகள் பாதிப் பாதி. கையை 90 டிகிரி மடக்கிப் பாருங்கள். முழங்கை மெலிந்து, நசுங்கிய குழாய்போல் ஆகும். எடையை எவ்வளவு திருத்திப் பூசினாலும் இது போகாது. காரணம் கணக்கிலேயே இருக்கிறது.

மூட்டு மையத்திலிருந்து புள்ளி 20 பிக்சல் தள்ளி இருக்கிறது. மேல்கை எலும்பு அதை ஓரிடத்தில் வைக்கச் சொல்கிறது. கீழ்க்கை எலும்பு 90 டிகிரி தள்ளி வேறோர் இடத்தில் வைக்கச் சொல்கிறது. பாதிப் பாதி எடை என்றால் மென்பொருள் இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே நேர்கோடு போட்டு அதன் மையத்தில் புள்ளியை வைக்கிறது. வட்டத்தின் மேலுள்ள இரண்டு புள்ளிகளைச் சேர்க்கும் நேர்கோட்டின் மையம் எப்போதும் வட்டத்துக்கு உள்ளேதான் இருக்கும். தூரம் இப்படி வரும்:

```
புதிய தூரம் = பழைய தூரம் × cos(கோணம் / 2)
90°:  20 × 0.707 = 14.1
120°: 20 × 0.5   = 10
```

20 பிக்சல் இருக்க வேண்டிய முழங்கை முனை 14-க்கு வந்துவிடுகிறது. 120 டிகிரியில் சரிபாதி.

தீர்வு, முழங்கையில் ஒரு துணை எலும்பு. மேல்கை எலும்புக்குள், அதாவது அதன் பிள்ளையாக, முழங்கை மையத்தில், கீழ்க்கையின் சுழற்சியில் பாதி மட்டுமே சுழலும் சிறிய எலும்பு ஒன்றை வைக்கிறோம். இந்த நிரலை அதில் இணைத்து, `forearm` என்ற இடத்தில் கீழ்க்கை எலும்பைக் காட்டுங்கள்.

```gdscript
@tool
extends Bone2D
@export var forearm: Bone2D

func _process(_delta):
    if forearm == null:
        return
    var bend = forearm.rotation - forearm.rest.get_rotation()
    rotation = rest.get_rotation() + wrapf(bend, -PI, PI) * 0.5
```

துணை எலும்பைச் சேர்த்தபின் ஓய்வு நிலையை மறுபடி பதிந்து, `Sync Bones to Polygon` கொடுத்துவிட்டு, மூட்டின் வெளிப்புள்ளியை முழுக்க முழுக்கத் துணை எலும்புக்குக் கட்டுங்கள். அது இப்போது எந்தச் சராசரியிலும் சிக்காமல் வட்டத்தின் மேலேயே நகர்கிறது. 20 பிக்சல் 20 ஆகவே இருக்கும். அதற்கு 24 பிக்சல் மேலே வெளிப்பக்கத்தில் உள்ள புள்ளிக்கு மேல்கையும் துணையும் பாதிப் பாதி. கீழே உள்ளதற்குத் துணையும் கீழ்க்கையும் பாதிப் பாதி. இப்போது இரண்டு எலும்புகளுக்கும் இடையே 45 டிகிரிதான் வேறுபாடு என்பதால் சுருக்கம் 8 சதவீதத்துக்குள் நின்றுவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாது.

உள்பக்கத்தின் சிக்கல் வேறு. அங்கே தோல் சுருங்க வேண்டும். புள்ளிகள் நெருக்கமாக இருந்தால் மடக்கும்போது ஒன்றையொன்று தாண்டிப் போய், முக்கோணங்கள் புரண்டு, படம் தலைகீழாகக் கிழிந்ததுபோல் தெரியும். எவ்வளவு தள்ளி வைத்தால் தாண்டாது என்பதற்கும் கணக்கு உண்டு: கை அகலத்தில் பாதியை tan(கோணம் / 2)-ஆல் பெருக்க வேண்டும். 90 டிகிரிக்கு 20 பிக்சல் போதும். 120 டிகிரி வரை மடக்குவதென்றால் 20 × 1.73, அதாவது 35 பிக்சல். எனவே உள்பக்கத்தில் மேலும் கீழும் 35 பிக்சல் தள்ளி ஒவ்வொரு புள்ளி. அவை அந்தந்த எலும்புக்கு முழு எடையோடு கட்டப்படும். நடுவில் ஒரே ஒரு புள்ளி, துணை எலும்புக்கு. வெளிப்பக்கமும் உள்பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். உண்மையான முழங்கையிலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மடங்குவதில்லை.

எடை பூசி முடித்ததும் இடுப்பு எலும்பைப் பிடித்து முழு உருவத்தையும் திரையின் மூலைக்கு இழுத்துப் பாருங்கள். ஏதாவது ஒரு புள்ளிக்கு எந்த எடையும் பூசப்படவில்லை என்றால் அது மட்டும் பழைய இடத்திலேயே நிற்க, கையிலிருந்து ஒரு கூர்முனை நீண்டு தெரியும். சிறிய அசைவில் இது கண்ணில் படாது. விளையாட்டு ஓடும்போதுதான் படும்.

நான்காம் படி: கம்பைப் பிடிக்கும் இரண்டாவது கை

கம்பு முன்னால் தெரியும் கையின் பிள்ளை. கை போகுமிடமெல்லாம் கம்பு போகும். மற்றொரு கையும் அதே கம்பைப் பிடிக்க வேண்டும். ஒரு பொருளுக்கு இரண்டு பெற்றோர் இருக்க முடியாது என்பதால் பின்கையைத் தலைகீழ்க் கணக்கில் அசைக்கிறோம். கம்பின்மேல் பிடி விழும் இடத்தில் ஒரு குறியை வைத்து, "இந்தக் குறியை எட்டு" என்று கைக்குச் சொன்னால், தோளும் முழங்கையும் எந்தக் கோணத்தில் திரும்ப வேண்டும் என்பதை மென்பொருளே கண்டுபிடிக்கும். `Skeleton2D`-யின் `Modification Stack`-இல் `SkeletonModification2DTwoBoneIK` இதற்கானது. முழங்கை தப்பான பக்கம் மடங்கினால் `Flip Bend Direction` கொடுங்கள்.

இதில் வரும் கோளாறு ஒன்றுதான், ஆனால் எல்லோருக்கும் வரும். கம்பு கொஞ்சம் தள்ளிப் போகும்போது பின்கையின் முழங்கை திடீரென்று வெடுக்கென நிமிர்ந்து, மறுபடி வெடுக்கென மடங்கும். மேல்கை 90 பிக்சல், கீழ்க்கை 80 பிக்சல் என்றால் எட்டக்கூடிய தூரம் 170. குறி சரியாக 170-இல் இருந்தால் முழங்கை 180 டிகிரி. குறி வெறும் 2 பிக்சல் அருகே வந்து 168 ஆனால் முழங்கை 162 டிகிரி! இரண்டு பிக்சல் நகர்வுக்கு 18 டிகிரி. கை ஏறத்தாழ நேராகும் இடத்தில் கணக்கே இப்படிக் கூர்மையாக இருக்கிறது. எனவே குறியை 160 பிக்சலுக்கு அப்பால் போக விடக் கூடாது. போய்த்தான் ஆக வேண்டுமென்றால் கையை நீட்டாதீர்கள், முதுகு எலும்பைத் திருப்புங்கள். சிலம்பம் ஆடுபவரும் எட்டாத அடிக்குத் தோளையும் இடுப்பையும் சேர்த்துத்தான் கொண்டுபோகிறார்.

ஐந்தாம் படி: நடையில் பாதம் வழுக்காமல்

எலும்பு நடையைப் பார்த்தவுடன் "காகிதப் பொம்மை" என்று சொல்ல வைப்பவை இரண்டு: பாதம் தரையில் வழுக்குவது, உடல் எடையில்லாமல் மிதப்பது.

வழுக்குவதற்குக் கணக்குப் போடுவோம். ஓர் அடி 120 பிக்சல். ஒரு சுற்றில் இரண்டு அடிகள், சுற்று 1 விநாடி. அப்படியானால் உருவம் விநாடிக்கு 240 பிக்சல் நகர வேண்டும். விளையாட்டில் வேகம் மாறினால் அனிமேஷனின் வேகமும் அதே விகிதத்தில் மாற வேண்டும்:

```gdscript
anim.speed_scale = abs(velocity.x) / 240.0
```

இவ்வளவு செய்த பிறகும் பாதம் வழுக்கும்! காரணம், கீகளுக்கு, அதாவது நாம் பதிந்து வைக்கும் நிலைகளுக்கு இடையே மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடியும்படி வைத்திருப்பது. சராசரி வேகம் சரி, ஆனால் பாதம் தரையில் இருக்கும் நேரம் முழுவதும் உடலிலிருந்து பின்னோக்கி ஒரே சீரான வேகத்தில் போனால்தான் அது தரையில் ஊன்றி நிற்பதாகத் தோன்றும். எனவே கால்களையும் கைபோலவே குறியை எட்ட வையுங்கள். பாதக் குறி தரையில் இருக்கும் பாதிச் சுற்றுக்கு `Linear`, காற்றில் இருக்கும் பாதிக்கு மட்டும் வளைவு. திரையில் பாதத்துக்கு நேரே ஒரு கல்லை வரைந்து வைத்துப் பாருங்கள். குதிகால் கல்லைவிட்டு விலகாமல் இருக்க வேண்டும்.

மிதப்புக்கு மருந்து, மென்பொருள் தானாக நிரப்பும் இடைநிலைகளை முதலில் நிறுத்திவிடுவது. கீகளை `Nearest` ஆக்கி, முக்கியமான நான்கு நிலைகளை மட்டும் வையுங்கள்: குதிகால் படுவது, உடல் இறங்குவது, கால் கடப்பது, உடல் எழுவது. வெட்டி வெட்டி ஓடினாலும் நடைபோல் தெரிய வேண்டும். தெரிந்த பிறகே இடைநிலைகளை அனுமதியுங்கள். வீச்சுக்கும் இதே முறைதான்: கம்பை ஓங்கிய நிலையில் 0.2 விநாடி அசையாமல் நிறுத்தி, அடியை 0.06 விநாடியில் முடியுங்கள். துண்டின் முனை உடல் நின்றபிறகும் இரண்டு மூன்று பிரேம் தாமதமாக வந்து நிற்கட்டும்.

கையின் கோணம் 170-லிருந்து -170-க்குப் போகும் கீகளில் கை முழுச் சுற்றுச் சுற்றி வந்தால் பதற வேண்டாம். எண்ணை எண்ணாகவே எடுத்துக்கொண்டு நீண்ட வழியில் போகிறது. அந்தத் தடத்தை `Linear Angle` ஆக்கினால் குறுக்கு வழியில் போகும்.

ஆறாம் படி: கையால் வரையும் பத்துப் பிரேம்கள்

கம்புச் சுழற்சிக்கு ஏன் பிரேம் என்று கேட்கலாம். ஒரு கம்பைச் சுழற்ற ஓர் எலும்பு போதுமே. நானும் அப்படித்தான் தொடங்கினேன். விநாடிக்கு 6 சுற்று வைத்தேன். என் அனிமேஷன் விநாடிக்கு 12 நிலைகளில் ஓடியது. கம்பு அசையாமல் நின்றது! ஒவ்வொரு நிலைக்கும் கம்பு அரைச்சுற்று போகிறது. இரு முனையும் ஒரே மாதிரி இருக்கும் கம்பு அரைச்சுற்றுக்குப் பிறகு பழைய இடத்தில் இருப்பதாகவே கண்ணுக்குத் தெரிகிறது. 5 சுற்றாகக் குறைத்தால் நிலைக்கு 150 டிகிரி. கண் அதை 30 டிகிரி பின்னோக்கி என்று படிக்கிறது. விநாடிக்கு 60 நிலைகள் ஓட்டினால் இந்த மாயம் போகும், ஆனால் தனித்தனிக் குச்சிகள் துடிப்பதுபோல்தான் இருக்கும். உண்மையில் சிலம்பம் சுற்றும்போது நம் கண் குச்சியைப் பார்ப்பதில்லை, விசிறிபோல் விரிந்த ஒரு வட்டத்தைப் பார்க்கிறது. அதை வரைந்துதான் காட்ட முடியும்: முன்னால் அடர்த்தியான முனை, பின்னால் மங்கிக்கொண்டே போகும் பிறைவடிவம், ஒவ்வொரு பிரேமிலும் சற்று வேறு வடிவம். 2017-இல் வந்த கப்ஹெட் விளையாட்டு விநாடிக்கு 24 கைப்படங்களில் உருவங்களை ஓட்டியது. அதன் துள்ளல் இத்தகைய, ஒரு கணம் மட்டுமே இருந்து மறையும் படங்களில் இருக்கிறது. எந்த எலும்பும் அவற்றைத் தராது.

பத்துப் படங்களையும் 768 × 512 கட்டங்களில், ஐந்து பத்தி இரண்டு வரிசையாக அடுக்குகிறோம்: 3840 × 1024. `Sprite2D`-யில் `Hframes` 5, `Vframes` 2. எல்லாக் கட்டங்களிலும் பாதம் ஊன்றும் புள்ளி ஒரே இடத்தில் இருக்க வேண்டும். கம்பு முன்னால் நீள்வதால் உருவத்தைக் கட்டத்தின் மையத்தில் வைக்காமல் இடது மூன்றிலொரு பங்கில் வைத்தேன். வரையும் கோப்பில் பாதப்புள்ளிக்கு ஒரு சிலுவைக்குறி போட்டுப் பூட்டிய அடுக்காக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பிரேமில் அது 3 பிக்சல் தவறினாலும் சுழலும்போது உருவம் நடுங்கும். கட்டத்தின் விளிம்பிலும் 2 பிக்சல் காலி இடம் விடுங்கள். இல்லையென்றால் அளவு மாற்றிக் காட்டும்போது பக்கத்துக் கட்டத்தின் கோடு ஒன்று ஓரத்தில் மயிரிழைபோல் எட்டிப் பார்க்கும்.

`frame` எண்ணுக்கு இடும் கீகள் `Nearest` ஆகவே இருக்கட்டும். இடதுகைப்புறம் காட்ட உருவத்தைக் கண்ணாடிபோல் புரட்டினால் கம்பு வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாறிவிடும், ஒளியும் மறுபக்கத்திலிருந்து விழும். வேகமான விளையாட்டில் யாரும் கவனிப்பதில்லை. கவனிப்பார்கள் என்று தோன்றினால் நிழலை உறுப்புகளில் அழுத்தமாக வரையாமல், மேலிருந்து மட்டும் விழும்படி வைத்துவிடுங்கள்; புரட்டினாலும் பொருந்தும்.

எலும்பும் பிரேமும் சந்திக்கும் இடம்

நடையிலிருந்து திரும்புதலுக்கு மாறும்போது எலும்புக்கூடு மறைந்து ஸ்பிரைட் தோன்றுகிறது. இந்த ஒரு கணத்தில் தையல் தெரிந்தால் அதுவரை உழைத்தது வீண். முதல் பிரேமை நினைவிலிருந்து வரையாதீர்கள். எலும்புக்கூட்டை மாற வேண்டிய நிலையில் நிறுத்தி, அதே அளவில் படம்பிடித்து, அந்தப் படத்தின் மேல் வரையுங்கள். கடைசிப் பிரேமும் அப்படியே, திரும்பியபின் வரும் எலும்பு நிலையைப் புரட்டிப் படம்பிடித்து. இடையிலுள்ள இரண்டு பிரேம்களில் முழுச் சுதந்திரம் உண்டு. தலை முதலில் திரும்பட்டும், தோள் பிறகு, கம்பு கடைசியில்.

அப்படிச் செய்தும் என் சிலம்பக்காரர் திரும்பும்போதெல்லாம் ஒரு சிறு மினுக்கம் தெரிந்தது. நிலை பொருந்தியது, நிறம் பொருந்தியது, பாதப்புள்ளி பொருந்தியது. படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது: கையால் வரைந்த கோடு 4 பிக்சல், உறுப்புகளின் கோடு 3 பிக்சல். உறுப்புகளை நான் பெரிதாக வரைந்து 75 சதவீதமாகச் சுருக்கியிருந்தேன். 4 பிக்சல் கோடு 3 ஆகிவிட்டது. பிரேம்களை நேராக உரிய அளவிலேயே வரைந்திருந்தேன். பத்துப் படங்களையும் மறுபடி வரைந்தேன், இம்முறை உறுப்புகளை வரைந்த அதே பெரிய அளவில் வரைந்து சுருக்கினேன். மினுக்கம் போய்விட்டது.